தர்பூசணி எத்தனை கிலோ வாங்கணும்? விசேஷத்துக்குப் பழத்தட்டு போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பழம் வாங்கும் வேலை முதன்முதலாக என் தலையில் விழுந்தது. 100 பேர் வருவார்கள், ஆளுக்கு 100 கிராம் தர்பூசணி, ஆக 10 கிலோ. இவ்வளவுதானே என்று சரியாக 10 கிலோ நிறுத்து வாங்கி வந்தேன். பந்தி பாதி தாண்டியதும் தட்டு காலி. மீதிப் பேருக்கு வாழைப்பழம் கொடுத்துச் சமாளித்தோம். அன்று சாயங்காலம் சமையலறை மூலையில் குவிந்து கிடந்த தோலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தராசில் ஏறியது முழுப் பழம். தட்டில் ஏறியது சதை மட்டும். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பாதி எடை காணாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எல்லாம் நான்தான் பழம் வாங்குகிறேன். வீட்டோடு பழத்தட்டு போட நினைக்கிறவர்களுக்கு, நான் கணக்குப் போடும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் சாப்பிடும் எடை

கடைக்குப் போகும் முன் ஒரு எண்ணை முடிவு செய்துவிட வேண்டும். ஒருவர் வாயில் எத்தனை கிராம் பழம் போகும்? தோல், கொட்டை, காம்பு எதுவும் சேராத எடை இது. கிலோ, விலை, எத்தனை பழம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இந்த எண், பழம் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். இலை போட்டுச் சாதம், பாயசம் எல்லாம் முடிந்த பிறகு பழம் வைத்தால் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் போதும், அதற்கு மேல் வயிற்றில் இடம் இருக்காது. சாயங்கால டிபனோடு பழமும் இருந்தால் 120 கிராம் வைத்துக்கொள்வேன். சித்திரை வெயிலில், மாலை நாலு மணிக்கு, டிபனுக்கு முன்னால் வந்தவர்களுக்கு முதலில் நீட்டுவதே பழத்தட்டு என்றால் 150 முதல் 200 கிராம் வரை போகும். அப்போது தாகத்துக்குத்தான் சாப்பிடுவார்கள். மற்ற பழங்கள் அப்படியே இருக்கும், தர்பூசணி மட்டும் காலியாகும்.

100 கிராம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துப் பழகுவது நல்லது. ஓர் அங்குலச் சதுரத் துண்டு சுமார் 15 கிராம் இருக்கும். அப்படி ஆறேழு துண்டு சேர்ந்தால் 100 கிராம். ஒரு சின்னக் கிண்ணத்தை நிரப்பும், அவ்வளவுதான். வீட்டுத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

தோல் எவ்வளவு தின்கிறது

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். தோல் மெல்லியதாகத்தானே இருக்கிறது, என்ன பெரிய எடை இருந்துவிடும் என்று தோன்றும். ஆனால் தோல் பழத்தைச் சுற்றிலும் இருக்கிறது. உருண்டையில் வெளிப்பக்கத்தில்தான் எடை அதிகம்.

20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டைப் பழத்தை எடுத்துக்கொள்வோம். எடை 4 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். பச்சைத் தோலும் வெள்ளைப் பகுதியும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் என்றால், உள்ளே இருக்கும் சிவப்பு உருண்டையின் குறுக்களவு 17 சென்டிமீட்டர். 17-ஐ மூன்று தடவை பெருக்கி, 20-ஐயும் மூன்று தடவை பெருக்கி, முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் 0.61 வரும். அதாவது 100-க்கு 61 பங்குதான் சதை. தோல் இன்னும் அரை சென்டிமீட்டர் தடித்து 2 சென்டிமீட்டர் ஆனால் சதை 51 பங்காகக் குறைந்துவிடும். அரை சென்டிமீட்டருக்குப் பத்து பங்கு போய்விடுகிறது!

இதே ஒன்றரை சென்டிமீட்டர் தோல், 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய பழத்தில் இருந்தால் சதை 73 பங்கு. அப்படியானால் பெரிய பழம்தானே லாபம் என்று கேட்கலாம். தோல் மெல்லியதாக இருந்தால் லாபம்தான். ஆனால் பெரிய வரிப்பழங்களில் பெரும்பாலும் தோலும் தடித்தே இருக்கும். கிரண் என்று விற்கிற, கறுத்த பச்சைத் தோலுள்ள சின்ன நீள்பழத்தில் தோல் மெலிதாக இருக்கும். அதனால் மூன்று கிலோப் பழமாக இருந்தாலும் சதை குறைவில்லாமல் கிடைக்கும். பழத்தின் அளவைப் பார்க்கிற கண் தோலின் தடிமனையும் பார்க்க வேண்டும். வெட்டி வைத்த பழம் ஒன்று கடையில் இருக்கும், அதன் விளிம்பைப் பாருங்கள்.

ஏட்டுக் கணக்கு இப்படி. கத்தியோடு உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் போகும். சிவப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் வெட்டு நேராக வராது, இரண்டு முனையிலும் ஒழுங்கில்லாத துண்டுகள் மிஞ்சும், சாறு வடியும். ஆகவே நான் எப்போதும் 100-க்கு 55 என்றே வைத்துக்கொள்கிறேன். தோல் மெல்லிய பழம் கையில் இருந்தால் 60, தடித்தோல் பழம் என்று தெரிந்தால் 50.

என் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். முன்னதாகவே அதே கடையில் அதே ரகத்தில் ஒரு பழம் வாங்கி, வீட்டில் முழுசாக நிறுத்து, விசேஷத்துக்கு வெட்டுவதைப் போலவே வெட்டி, தட்டில் வைக்கத் தகுந்த துண்டுகளை மட்டும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். 4 கிலோ 200 கிராம் பழத்தில் 2 கிலோ 400 கிராம் துண்டு வந்தால், 2.4-ஐ 4.2-ஆல் வகுத்து 0.57. அதுதான் உங்கள் எண். வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட்டுவிடலாம், காசும் வீணில்லை.

கொட்டை

கொட்டையின் எடை தனியாகப் பார்த்தால் மிகக் கொஞ்சம். கொட்டையோடு துண்டு போட்டால் வாங்கும் எடையில் பெரிய வித்தியாசம் வராது. தட்டோரத்தில் துப்புவதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கொட்டையை எடுத்துவிட்டுத்தான் வைப்பேன் என்றால் கணக்கு மாறும். கொட்டையோடு சதையும் சாறும் கிளம்பி வருவதுதான் காரணம். அப்போது நான் 55-ஐ 50 ஆக்கிவிடுவேன். வேலையும் இரட்டிப்பாகும். இதில் ஒரு சௌகரியம் உண்டு. தர்பூசணியின் கொட்டைகள் பழம் முழுக்கச் சிதறிக் கிடப்பதில்லை. நடுச்சதையைச் சுற்றி வளையம் போட்டதுபோல வரிசையாக இருக்கும். நடு நெஞ்சில் கொட்டையே இருக்காது. அந்த வரிசை ஓரமாகவே கத்தியை இறக்கினால் நடுத்துண்டு சுத்தமாகப் பிரிந்து வரும். அதைக் குழந்தைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் தனித் தட்டில் வைத்துவிட்டு, மற்றதைக் கொட்டையோடு வைப்பதே என் வழக்கம். 150 பேருக்கு ஒவ்வொரு கொட்டையாகக் கிள்ளி எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. விதையில்லாப் பழம் என்று விற்பதில் வெள்ளையாக மெல்லிய விதைத்தோல் இருக்கும். அதைக் கிள்ள வேண்டாம், சாப்பிடலாம்.

கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்

இதைத் தெரிந்தவர்கள்கூடத் தப்பாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். 12 கிலோ சதை வேண்டும், கழிவு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12-ல் 40 சதவீதம் 4.8, அதைக் கூட்டி 17 கிலோ வாங்கிவிடுகிறார்கள். 17 கிலோவை வெட்டினால் சதை 10 கிலோ சொச்சம்தான் வரும். 40 சதவீதம் என்பது வாங்குகிற பழத்தின் எடையில் 40 சதவீதம், வேண்டிய சதையில் அல்ல. ஆகவே வேண்டிய எடையை, தேறுகிற பங்கால் வகுக்க வேண்டும். 12 ÷ 0.6 = 20 கிலோ. செல்போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

விலையையும் இப்படியே பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, தடித்தோல் பழம் கிலோ 18 ரூபாய், அதில் பாதிதான் தேறும். மெல்லிய தோல் பழம் கிலோ 24 ரூபாய், அதில் 65 பங்கு தேறும். சதைக்கு என்று பார்த்தால் முதலாவது கிலோ 36 ரூபாய், இரண்டாவது 37 ரூபாய். ஒரு ரூபாய்தான் வித்தியாசம். இரண்டாவதை வாங்கினால் தூக்கும் சுமையும் வெட்டும் வேலையும் குப்பையும் குறையும். நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன்.

150 பேர் நிச்சயதார்த்தம்

போன வருஷம் சித்திரையில் தங்கை மகளின் நிச்சயதார்த்தம். மாலை 5 மணிக்கு, டிபனும் பழத்தட்டும். அழைத்தது கூடுதலாக இருந்தாலும் சாப்பாட்டுக்குச் சொன்ன கணக்கு 150 பேர். பழத்துக்கும் அதே எண்ணை வைத்தேன். ஆளுக்கு 120 கிராம் என்றால் மொத்தம் 18 கிலோ சதை.

வெயில் காலம், அதனால் பாதி தர்பூசணி, 9 கிலோ. மீதி 9 கிலோவைப் பப்பாளி, அன்னாசி, விதையில்லாத் திராட்சை மூன்றுக்கும் தலா 3 கிலோவாகப் பிரித்தேன். நாலு நிறம், நாலு ருசி போதும். ஆப்பிள் வெட்டி வைத்தால் பழுப்பேறும், அதனால் சேர்க்கவில்லை.

இனி ஒவ்வொன்றையும் வகுக்க வேண்டும். தர்பூசணி 9 ÷ 0.55, அதாவது 16.4 கிலோ. பப்பாளியில் தோலும் விதையும் போக 60 பங்கு தேறும், 3 ÷ 0.6 = 5 கிலோ. அன்னாசியில் கொண்டை, தோல், முள்கண், நடுத்தண்டு எல்லாம் போனால் பாதிதான், 3 ÷ 0.5 = 6 கிலோ. திராட்சையில் காம்பு மட்டும்தான் போகும், 3 கிலோ 200 கிராம். எல்லாம் சேர்த்து 30 கிலோ 600 கிராம். 18 கிலோ சாப்பிட வைக்க 30 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும் என்பது முதல் தடவை கணக்குப் போடும் எல்லோருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். இதில் 12 கிலோவுக்கு மேல் தோலாகப் போகப்போகிறது. அதைப் போட இரண்டு பெரிய சாக்கும் தயாராக வைத்தேன். மாடு வைத்திருக்கும் வீடு பக்கத்தில் இருந்தால் சொல்லி வைத்துவிடலாம், தர்பூசணித் தோலைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

அன்னாசியைக் கிலோவுக்கு வாங்குகிறீர்களா, எண்ணிக்கைக்கு வாங்குகிறீர்களா என்பதைக் கவனியுங்கள். கொண்டையோடு நிறுத்தால் அந்தக் கொண்டைக்கும் காசு. கடைக்காரர் கொண்டையைத் திருகிவிட்டு நிறுத்தால் பாதிக்கு மேலேயே தேறும். சின்னச் சின்ன அன்னாசியாக வாங்கினால் தோல் பங்கு கூடிவிடும். மேலே சொன்ன உருண்டைக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

இதே விசேஷம் வளைகாப்பாக இருந்திருந்தால் பப்பாளியையும் அன்னாசியையும் எடுத்துவிட்டிருப்பேன். கர்ப்பிணி இருக்கும் சபையில் அந்த இரண்டையும் நம் வீட்டுப் பெரியவர்கள் வைக்க விடமாட்டார்கள். அந்த 6 கிலோவை மாதுளை, கொய்யா, வாழை என்று பிரிக்கலாம். வாழைப்பழத்தைத் தோலோடு எண்ணிக்கையில் வைத்துவிட்டால் வகுக்கிற வேலையும் இல்லை.

அதிகப்படி எவ்வளவு

அழைத்ததைவிட அதிகம் பேர் வந்தால்? எல்லாவற்றிலும் பத்து சதவீதம் கூட வாங்கு என்று சொல்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அதிகப்படிக்குத் தர்பூசணி மட்டும் வாங்குவேன், அதுவும் வெட்டாத முழுப்பழமாக. வெட்டாத தர்பூசணி நிழலில் ஒரு வாரம் சாதாரணமாக இருக்கும். பப்பாளி அப்படி இருக்காது. கூட்டம் கூடினால் பத்து நிமிஷத்தில் வெட்டிவிடலாம், கூடாவிட்டால் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

அன்று ஐந்தரைக் கிலோ அளவில் மூன்று பழம் கணக்குக்காக, ஐந்து கிலோவில் ஒன்று அதிகப்படிக்காக, ஆக நாலு பழம் வாங்கினேன். ஐந்து கிலோப் பழத்தில் 2 கிலோ 700 கிராம் சதை கிடைத்தால் இருபது இருபத்தைந்து பேருக்கு ஈடு கொடுக்கும். ஏழரை மணிக்கு அந்த நாலாவது பழத்தையும் வெட்ட வேண்டி வந்தது. பாதி போயிற்று.

கடையில்

தர்பூசணி சீசன் தை மாசக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை நன்றாக ஓடும். திண்டிவனம், மரக்காணம் பக்கம் ரோட்டோரமாகவே குவித்து விற்பார்கள். அந்த வழியில் வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வைக்கலாம்.

தர்பூசணி பறித்த பிறகு பழுக்காது. காயாக வாங்கினால் காய்தான். அதனால் தரையில் கிடந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் திட்டு வெண்ணெய் நிறத்தைத் தாண்டி நன்றாக மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ வெளிர் பச்சையாகவோ இருந்தால் சீக்கிரம் பறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே அளவில் இரண்டு பழத்தை இரண்டு கையிலும் எடுத்து, கனமானதை வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு லேசாக இருப்பது உள்ளே வெடித்துப் பொந்தாக இருக்கலாம். பொந்து பழம் சாப்பிடக் கெடுதல் இல்லை. ஆனால் சதுரத் துண்டு ஒழுங்காக வராது, நடுத்துண்டு கிடைக்கவே கிடைக்காது.

காயாக வாங்கிவிட்ட பழத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. சிவப்பு விளிம்பு வரை எட்டியிருக்காது. வெளுத்த பகுதியை வெட்டித் தள்ளத் தள்ள 55 பங்கு 45 ஆகிவிடும். மொத்தமாக எடுக்கும்போது ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், வாடிக்கைக் கடை என்றால் மறுக்கமாட்டார்கள். வெட்டியதையும் நீங்களே எடுத்து வந்துவிடுங்கள்.

பப்பாளி இதற்கு நேர் எதிர், வாங்கிய பிறகும் பழுக்கும். முக்கால் மஞ்சளாக இரண்டு நாள் முன்னால் வாங்கி வைத்தால் விசேஷத்தன்று சரியாக இருக்கும். குழைந்த பப்பாளி வாங்கினால் எடை இருக்கும், துண்டு இருக்காது. அன்னாசியும் திராட்சையும் பறித்த பிறகு இனிப்பு ஏறாது, முந்தின நாள் வாங்கினால் போதும்.

வெட்டுவதும் வைப்பதும்

லாரியில் வந்த தர்பூசணி உள்ளேயும் சூடாக இருக்கும். நாலு பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க யார் வீட்டிலும் இடம் இருக்காது. முந்தின ராத்திரி அண்டாத் தண்ணீரில் போட்டு வையுங்கள், காலையில் தண்ணீரை ஒரு தடவை மாற்றுங்கள். வெட்டுவதற்கு முன் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலில் இருக்கும் மண்ணையும் அழுக்கையும் கத்திதான் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

இரண்டு முனையையும் சீவி, பழத்தை நிமிர்த்தி நிற்க வைத்து, மேலிருந்து கீழாக வளைவோடு வளைவாகத் தோலை இறக்குவதுதான் சதை வீணாகாத வழி. முதல் சீவலில் மெல்லியதாக எடுங்கள், வெள்ளை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சீவலாம். ஆழமாக இறக்கிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. முனைத் துண்டுகளும் உடைந்தவையும் ஒரு பாத்திரத்தில் சேர்ந்தால் ஜூஸ். வெள்ளைப் பகுதியில் பச்சைத் தோலைச் சீவிவிட்டால் சுரைக்காய் மாதிரி கூட்டு வைக்கலாம். பாசிப்பருப்போடு நன்றாகவே இருக்கும்.

தோலோடு முக்கோணமாக வெட்டிக் கையில் கொடுப்பதாக இருந்தால் கிராமை விட்டுத் துண்டை எண்ணுங்கள். ஐந்து கிலோப் பழத்தை நீளவாக்கில் நாலாகப் பிளந்து ஒவ்வொன்றையும் ஆறேழு துண்டாகப் போட்டால், முனைகள் போக 24 நல்ல துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 100 கிராமை ஒட்டிச் சதை இருக்கும். ஆளுக்கு ஒன்று என்றால் 150 பேருக்கு ஆறு பழமும், கூடவே ஒன்றும்.

வெட்டிய பழம் அறையின் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் சித்திரை மாதிரி 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாதீர்கள். நாங்கள் முதலில் இரண்டு பழம் வெட்டி, தட்டின் கீழே ஐஸ் பரப்பி வைத்தோம். அது பாதி காலியானபோது மூன்றாவதை எடுத்தோம். ஐஸ் தண்ணீர் பழத்தில் ஏறாமல் தட்டு மேலே இருக்க வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். முன்கூட்டியே தூவினால் உப்பு சாறை இழுத்து, கால் மணி நேரத்தில் தட்டு குளமாகிவிடும், துண்டு சக்கையாகிவிடும். கணக்குப் போட்டு வாங்கிய சதையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் தோல் சாக்கைக் கட்டும் முன் ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். அன்று எங்கள் தர்பூசணித் தோல் மட்டும் 9 கிலோ 300 கிராம். வாங்கியது 21 கிலோ 600 கிராம். 57 பங்கு தேறியிருக்கிறது. கடை, ரகம், தேதி மூன்றையும் சேர்த்து அதை மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து ஆவணியில் ஒரு கிருகப்பிரவேசம் வருகிறது, அதற்கு அந்த எண்ணிலிருந்து தொடங்குவேன்.